ஸ்லாப் கமிஷன் ஷீட்: ஊழியரே கூட்டிப் பார்க்க எந்த முறை நல்லது?

வீட்டு உபயோகப் பொருள் விற்கும் கடைகளுக்கு மாதக் கணக்கு பார்த்துத் தருவது என் வேலை. சம்பளம் போட்ட மறுநாள் எனக்கு வரும் போன்களில் பாதி கமிஷனைப் பற்றித்தான் இருக்கும். கடைக்காரர்கள் கேட்கும் கேள்வியும் ஒன்றேதான்: "ஸ்லாப் கமிஷனுக்கு எந்த ஃபார்முலா போடலாம்?" விற்பனை கூடக் கூட கமிஷன் விகிதமும் படிப்படியாகக் கூடுவதுதான் ஸ்லாப். அதற்குச் சரியான விடை தரும் ஃபார்முலாக்கள் நான்கு இருக்கின்றன. ஆனால் வாங்குகிறவர் தானே கூட்டிப் பார்த்து ஒத்துக்கொள்ள வேண்டும் என்றால் நான்கும் ஒன்றல்ல.

ஒரு கடையில் நடந்ததைச் சொல்கிறேன். ஒரு சேல்ஸ்மேன் தம்பி சட்டைப்பையில் சின்ன நோட்டு வைத்திருப்பார். மாதம் முழுக்கத் தான் போட்ட பில் நம்பரும் தொகையும் அதில் இருக்கும். அவர் கணக்குப்படி 10,266 ரூபாய் வர வேண்டும். கையில் கிடைத்தது 5,700. கடையில் யாரும் ஏமாற்றவில்லை, ஃபார்முலாவும் தப்பில்லை. ஆனால் ஷீட்டில் அவர் பெயருக்கு நேராக 5,700 என்ற ஒற்றை எண் மட்டும்தான் இருந்தது. அது எங்கிருந்து வந்தது என்று அவருக்குக் காட்ட அந்த ஷீட்டில் எதுவும் இல்லை. இந்தக் கட்டுரை முழுக்க அவருடைய எண்களையே எடுத்துக்கொள்கிறேன்.

## ஃபார்முலாவுக்கு முன் முடிவு செய்ய வேண்டியவை

அந்த 4,566 ரூபாய் வித்தியாசத்தில் ஒரு ரூபாய்கூட ஃபார்முலாவால் வந்ததல்ல. சொல்லப்படாத இரண்டு விதிகளால் வந்தது.

முதலாவது ஜிஎஸ்டி. நோட்டில் அவர் எழுதியது வாடிக்கையாளர் கட்டிய மொத்தத் தொகை, 5,13,300. எல்லாமே 18 சதவீதப் பொருள்கள். 1.18-ஆல் வகுத்தால் 4,35,000. கடை கணக்கில் எடுத்தது இந்த வரி இல்லாத தொகையை.

வரியைச் சேர்த்தே டார்கெட் வைக்கும் கடைகளும் உண்டு. அதை நான் ஏற்பதில்லை. 2025 செப்டம்பர் 22 முதல் ஏசிக்கு வரி 28-லிருந்து 18 சதவீதமாகக் குறைந்தது. வரியில்லாமல் 40,000 ரூபாய் உள்ள ஏசி அதற்கு முன் 51,200 என்று கணக்கில் ஏறியது, அதற்குப் பின் 47,200 என்றுதான் ஏறும். அதே ஏசியை அதே உழைப்பில் விற்றவருக்கு ஸ்லாப் கணக்கில் 4,000 ரூபாய் குறைந்துபோகும். வரி இல்லாத தொகையை வைத்தால் இந்தப் பிரச்சினையே வராது.

இரண்டாவது, ஸ்லாப் எதற்குப் பொருந்தும் என்பது. அந்தக் கடையின் ஸ்லாப் இப்படி: முதல் 2 லட்சத்துக்கு 1%, 2 முதல் 4 லட்சம் வரை 1.5%, 4 முதல் 6 லட்சம் வரை 2%, அதற்கு மேல் 3%. தம்பி 4 லட்சத்தைத் தாண்டிவிட்டதால் மொத்த விற்பனைக்கும் 2% என்று எண்ணிக்கொண்டார். வரியோடு சேர்த்த 5,13,300-க்கு 2% போட்டால்தான் 10,266 வரும். வரியை நீக்கிவிட்டு அப்படிப் போட்டால் 8,700. கடை போட்டதோ வருமான வரி மாதிரி, அந்தந்தப் படியில் விழும் தொகைக்கு அந்தந்தப் படியின் விகிதம்: 2,000 + 3,000 + 700 = 5,700.

இரண்டு விதிகளுமே நடைமுறையில் உண்டு. மொத்தத் தொகைக்கும் மேல் விகிதம் தரும் முறை கேட்க எளிது. ஆனால் எல்லைக் கோட்டில் பெரிய பள்ளம் இருக்கிறது. 3,99,999 விற்றவருக்கு 6,000, இரண்டு ரூபாய் கூட விற்றவருக்கு 8,000. மாதக் கடைசியில் பில்லை இழுத்துப் பிடிப்பது, வேறொருவரின் ஊழியர் கோடில் பில் போடுவது எல்லாம் இந்தப் பள்ளத்தைத் தாண்டத்தான். படிப்படியான முறையில் அதற்கு வேலை இல்லை. அதனால் கீழே நான்கு வழிகளையும் படிப்படி முறைக்கே ஒப்பிடுகிறேன்.

## எதை வைத்து ஒப்பிடுவது

நான் பார்ப்பது மூன்று. ஊழியர் போன் கால்குலேட்டரில் ஐந்து நிமிஷத்தில் அதே எண்ணுக்கு வர முடிகிறதா? விகிதம் மாறினால் எத்தனை இடத்தில் கை வைக்க வேண்டும்? தப்பு நடந்தால் அது கண்ணில் படுமா, இல்லை மாதக்கணக்கில் ஒளிந்திருக்குமா? ஷீட் எவ்வளவு நீளும் என்பதை கடைசியாகத்தான் பார்ப்பேன்.

## வழி 1: IF-க்குள் IF

பெரும்பாலான கடைகளில் இருப்பது இதுதான். B2-இல் விற்பனைத் தொகை.

```
=IF(B2<=200000, B2*1%,
 IF(B2<=400000, 2000+(B2-200000)*1.5%,
 IF(B2<=600000, 5000+(B2-400000)*2%,
 9000+(B2-600000)*3%)))
```

435000 கொடுத்தால் 5,700 வரும். விடை சரி. ஆனால் 2000, 5000, 9000 என்ற எண்கள் எங்கிருந்து வந்தன? கீழ்ப் படிகளின் கமிஷனை யாரோ மனதில் கூட்டி உள்ளே எழுதியவை அவை. தீபாவளிக்கு இரண்டாம் படியை 1.75% ஆக்குகிறோம் என்று முதலாளி சொல்கிறார். 1.5%-ஐ மாற்றுவார்கள், 5000-ஐ 5500 ஆக்கவும் 9000-ஐ 9500 ஆக்கவும் மறந்துவிடுவார்கள். 4 லட்சத்துக்கு மேல் விற்ற ஒவ்வொருவருக்கும் 500 ரூபாய் குறையும். அதிகம் விற்றவர்களுக்குத்தான் குறைகிறது என்பது இதில் கூடுதல் வேதனை.

இதைக் கண்டுபிடிக்க ஒரு எளிய சோதனை உண்டு. ஒவ்வொரு எல்லையிலும் இரண்டு எண்களைப் போட்டுப் பாருங்கள். மேலே சொன்ன தப்பில் 400000-க்கு 5,500 வரும், 400001-க்கு 5,000 சொச்சம் வரும். விற்பனை கூடும்போது கமிஷன் குறைந்தால் உள்ளே ஒரு பழைய எண் உட்கார்ந்திருக்கிறது என்று அர்த்தம். எந்த வழியைத் தேர்ந்தெடுத்தாலும் விகிதம் மாறும் மாதத்தில் இந்தச் சோதனையைச் செய்யச் சொல்வேன்.

இரண்டே படி, வருஷத்துக்கு ஒரு தடவைகூட மாறாது என்றால் இந்த வழி போதும். மூன்றாவது படி வந்தால் விட்டுவிடுங்கள்.

## வழி 2: ஸ்லாப் அட்டவணையில் தேடி எடுப்பது

`slab` என்று தனி ஷீட். A-யில் படி தொடங்கும் தொகை, B-யில் அதுவரை சேர்ந்த கமிஷன், C-யில் விகிதம்.

```
=VLOOKUP(B2,slab!$A$2:$C$5,2,TRUE)
 +(B2-VLOOKUP(B2,slab!$A$2:$C$5,1,TRUE))
 *VLOOKUP(B2,slab!$A$2:$C$5,3,TRUE)
```

விகிதம் இப்போது ஃபார்முலாவுக்கு வெளியே, எல்லோருக்கும் தெரியும் இடத்தில் வந்துவிட்டது. அதுவே பெரிய முன்னேற்றம். B காலத்தில் கையால் எண் எழுதாமல், B2-இல் 0, B3-இல் `=B2+(A3-A2)*C2` என்று போட்டுக் கீழே இழுத்துவிட்டால் வழி 1-இல் பார்த்த 500 ரூபாய்த் தப்பு நடக்காது.

இதற்கும் சில நிபந்தனைகள் உண்டு. A காலம் சிறியதிலிருந்து பெரியதாக வரிசையில் இருக்க வேண்டும், கலைந்தால் தப்பான படியை எடுத்துக்கொள்ளும். டாலர் குறியை விட்டுவிட்டு ஃபார்முலாவைக் கீழே இழுத்தால் அட்டவணையும் சேர்ந்து நழுவும். ரிட்டர்ன் அதிகமாகி ஒருவரின் மாத விற்பனை மைனஸில் போனால் `#N/A` காட்டும். அது காட்டுவது நல்லதே, யாராவது உட்கார்ந்து பார்ப்பார்கள்.

ஊழியர் பக்கத்திலிருந்து பார்த்தால் "5,000 + 35,000-க்கு 2%" என்று இரண்டு துண்டாகச் சொல்லலாம். அந்த 5,000 எது என்று ஒரு தடவை விளக்கினால் புரிந்துகொள்வார்கள். ஐம்பது அறுபது பேர் உள்ள நிறுவனம், ஆளுக்கு ஒரு வரிக்கு மேல் இடமில்லை என்றால் நான் இதைத்தான் போடுவேன். மொத்தத் தொகைக்கும் ஒரே விகிதம் என்ற விதி வைத்திருக்கும் கடைக்கும் இதுதான் பொருத்தம். C காலத்தைத் தேடி விற்பனையால் பெருக்கினால் போதும்.

## வழி 3: SUMPRODUCT

கணக்கு தெரிந்தவர்களுக்குப் பிடித்த வழி. `slab` ஷீட்டின் D-யில் ஒவ்வொரு படியிலும் விகிதம் எவ்வளவு *கூடுகிறது* என்பதை எழுத வேண்டும்: 1%, 0.5%, 0.5%, 1%.

```
=SUMPRODUCT((B2>slab!$A$2:$A$5)
 *(B2-slab!$A$2:$A$5)*slab!$D$2:$D$5)
```

4,35,000 முழுவதற்கும் 1% என்றால் 4,350. அதில் 2 லட்சத்துக்கு மேற்பட்ட 2,35,000-க்கு இன்னொரு அரை சதவீதம் 1,175. நான்கு லட்சத்துக்கு மேற்பட்ட 35,000-க்கு மேலும் அரை சதவீதம் 175. கூட்டினால் 5,700. எத்தனை படி சேர்த்தாலும் வரம்பை மட்டும் நீட்டினால் போதும், இடையில் சேர்ந்த கமிஷன் என்ற எண்ணே தேவையில்லை.

ஆனால் இதை ஊழியர் கையில் கொடுக்க மாட்டேன். சுவரில் ஒட்டிய தாளில் மேல் படிக்கு 3% என்று இருக்கும், ஷீட்டில் 1% என்று இருக்கும். "கூடுதல் மட்டும்தான் அங்கே எழுதியிருக்கு" என்று விளக்கலாம். அடுத்த மாதம் திரும்பவும் விளக்க வேண்டி வரும். தான் அறிந்த விகிதம் ஷீட்டில் இல்லை என்றால் மனிதருக்குச் சந்தேகம் வருவது நியாயம்தான். இந்த வழியின் இடம் வேறு. கணக்கர் தன் பக்கத்தில் மறுசோதனைக்கு வைத்துக்கொள்ளலாம். கீழே வருகிறேன்.

## வழி 4: படிக்கு ஒரு வரி

ஆளுக்கு ஒரு சீட்டு. B1-இல் ஊழியர் கோட், B2-இல் மாத விற்பனை, B3-இல் மாதத்தின் முதல் தேதி. ஆறாவது வரியிலிருந்து ஸ்லாப். D6-இலும் E6-இலும் இந்த இரண்டு ஃபார்முலா, ஒன்பதாம் வரி வரை இழுத்துவிட வேண்டும்.

```
D6:  =MAX(0, MIN($B$2,B6)-A6)
E6:  =D6*C6
```

தம்பியின் சீட்டில் இது இப்படித் தெரியும்:

| தொடக்கம் (A) | முடிவு (B) | விகிதம் (C) | இந்தப் படியில் விற்றது (D) | கமிஷன் (E) |
|---|---|---|---|---|
| 0 | 2,00,000 | 1% | 2,00,000 | 2,000 |
| 2,00,000 | 4,00,000 | 1.5% | 2,00,000 | 3,000 |
| 4,00,000 | 6,00,000 | 2% | 35,000 | 700 |
| 6,00,000 | 9,99,99,999 | 3% | 0 | 0 |
| | | மொத்தம் | 4,35,000 | 5,700 |

இதைப் படிக்க ஃபார்முலா தெரிய வேண்டியதில்லை. ஒவ்வொரு வரியும் ஒரு பெருக்கல், அவ்வளவுதான். எனக்கு மிகவும் பிடித்தது D காலத்தின் மொத்தம். அது விற்பனைத் தொகையோடு அப்படியே ஒத்துப்போக வேண்டும். ஒத்துப்போனால் எந்த ரூபாயும் இரண்டு தடவை எண்ணப்படவில்லை, எதுவும் விடுபடவில்லை.

இந்த மொத்தம் பிடித்துக் கொடுக்கும் ஒரு தப்பு அடிக்கடி நடக்கும். நோட்டீஸில் "2,00,001 முதல் 4,00,000 வரை" என்று எழுதிப் பழகியதால் ஷீட்டிலும் தொடக்கத்தில் 200001 என்று அடித்துவிடுவார்கள். ஒவ்வொரு எல்லையிலும் ஒரு ரூபாய் விழுந்துவிடும், D மொத்தம் 4,34,998 என்று நிற்கும். பணமாகப் பார்த்தால் சில பைசா. ஆனால் முடிவை 400000-க்குப் பதில் 40000 என்று அடித்தாலும் இதே இடத்தில்தான் பிடிபடும், அது பைசா அல்ல. மைனஸ் மாதத்திலும் D மொத்தம் 0 என்று நிற்க, விற்பனை மைனஸ் 5,000 என்று இருக்கும். அந்த 5,000 அடுத்த மாதத்துக்குப் போகிறதா, தள்ளுபடியா என்று அங்கேயே எழுதிவிட வேண்டும்.

செலவு என்ன? இடம். பத்து பேருக்குப் பத்து சீட்டு. சீட்டிலுள்ள அட்டவணையை ஆளாளுக்குத் தனியாக அடித்தால் விகிதம் மாறும்போது ஒரு சீட்டு விட்டுப்போகும். `slab` ஷீட்டின் E-யில் படி முடியும் தொகையையும் எழுதிவிட்டு, எல்லாச் சீட்டும் A, B, C காலங்களை அந்த ஷீட்டின் A, E, C-யிலிருந்தே எடுக்கட்டும்.

கணக்கர் தன் தாளில் ஒவ்வொருவருக்கும் வழி 3-ஐப் போட்டு, சீட்டின் 5,700-ஐ அதிலிருந்து கழித்துப் பார்க்கலாம். எல்லா வரியிலும் 0 வர வேண்டும். இரண்டும் வேறு வேறு விதமாகக் கணக்கிடுவதால் ஒரே தப்பு இரண்டிலும் ஒளிந்துகொள்வது அரிது.

## ஒரே பார்வையில்

| | IF | தேடுதல் | SUMPRODUCT | படிக்கு ஒரு வரி |
|---|---|---|---|---|
| ஊழியர் கூட்டிப் பார்க்க | கடினம் | ஒரு விளக்கம் போதும் | கடினம் | எளிது |
| விகிதம் மாறினால் | ஃபார்முலாவில் பல இடம் | அட்டவணையில் ஒரு இடம் | இரண்டு படிகளின் வித்தியாசம் | அட்டவணையில் ஒரு இடம் |
| தப்பு தெரிவது | எல்லைச் சோதனையில் மட்டும் | ஓரளவு | ஒப்பிட்டால்தான் | D மொத்தத்தில் உடனே |
| இடம் | ஒரு செல் | ஒரு செல் | ஒரு செல் | ஆளுக்கு ஒரு சீட்டு |
| எங்கே நல்லது | இரண்டு படி, மாறாத விகிதம் | ஆள் அதிகம் | கணக்கரின் மறுசோதனை | இருபது பேர் வரை உள்ள கடை |

## பில் பட்டியல் இல்லாமல் சரிபார்ப்பு இல்லை

4,35,000 என்பதே சரியா என்று ஊழியருக்கு எப்படித் தெரியும்? நான் பார்த்த சண்டைகளில் பெரும்பாலானவை விட்டுப்போன பில்லைப் பற்றியவை. அதனால் சீட்டின் கீழே அவருடைய பில்கள் முழுக்க வர வேண்டும். `bills` ஷீட்டில் A தேதி, B பில் நம்பர், C ஊழியர் கோட், D வரியில்லாத தொகை. ரிட்டர்ன் என்றால் D மைனஸில், பழைய பில் நம்பரோடு.

```
=FILTER(bills!A2:D, bills!C2:C=B1,
 bills!A2:A>=B3, bills!A2:A<EDATE(B3,1))
```

இது கூகுள் ஷீட்ஸில் எழுதும் விதம். இந்தப் பட்டியலின் D மொத்தம்தான் B2-இல் வரும் விற்பனை. கடைசி நிபந்தனையைக் கவனியுங்கள். "மாதக் கடைசித் தேதி வரை" என்று `<=EOMONTH(B3,0)` போடுவது வழக்கம். பில்லிங் மென்பொருள் தேதியோடு நேரத்தையும் சேர்த்து ஏற்றுமதி செய்தால் 31-ஆம் தேதி போட்ட பில் எல்லாம் விழுந்துவிடும். காரணம், அந்த ஃபார்முலாவுக்குக் கடைசி நாள் என்பது அந்த நாள் தொடங்கும் நள்ளிரவு 12 மணி மட்டும்தான். மாதக் கடைசி நாளில்தான் எல்லோரும் ஓடி ஓடி விற்றிருப்பார்கள். அடுத்த மாத முதல் தேதிக்குக் கீழே என்று எழுதினால் இந்தச் சிக்கல் இல்லை.

அந்தத் தம்பி இந்தச் சீட்டை வாங்கி நோட்டைப் பக்கத்தில் வைத்து, ஒவ்வொரு பில்லுக்கும் பேனாவால் டிக் போட்டுக்கொண்டே வந்தார். நோட்டில் இருந்த எல்லாம் சீட்டிலும் இருந்தன.

## குழு டார்கெட்டை எங்கே ஒட்டுவது

இங்கே மூன்று வழிகள். முதலாவது, குழு டார்கெட்டை எட்டாவிட்டால் தனிநபர் கமிஷனும் கிடையாது என்ற பூட்டு. இரண்டாவது, குழு 90% எட்டினால் கமிஷனில் 90% என்று பெருக்குவது. மூன்றாவது, தனிநபர் கமிஷனைத் தொடாமல் குழு போனஸைத் தனி வரியாகக் கொடுப்பது.

பூட்டை நான் யாருக்கும் சொல்வதில்லை. 20 லட்சம் டார்கெட், குழு 19,90,000-இல் நின்றது என்றால் தம்பியின் 5,700 முழுக்கப் போய்விடும், அவர் பங்கில் எந்தக் குறையும் இல்லாதபோது. பெருக்கும் முறை அவ்வளவு கொடுமையில்லை. ஆனால் 5,700 என்று ஒத்துக்கொண்ட எண்ணைத் திரும்பவும் கலைக்கிறது. மாதக் கடைசி வரை தன் கமிஷன் எவ்வளவு என்று யாருக்கும் தெரியாது. தனி வரிதான் சரிபார்க்க எளிது. தனிக் கணக்கு முடிந்தது முடிந்ததாக இருக்கும்.

அந்த போனஸைப் பிரிப்பதிலும் யோசிக்க வேண்டும். குழு விற்பனை 21,40,000, அதில் அரை சதவீதம் 10,700 என்று வைப்போம். ஐந்து பேருக்குச் சமமாகப் பிரித்தால் 2,140. வந்த நாள் கணக்கில் பிரித்தால் மற்றவர்களின் வருகைப் பதிவும் வேண்டும், தனியாகச் சரிபார்க்க முடியாது. என் தேர்வு: டார்கெட் எட்டினால் அவரவர் விற்பனையில் கூடுதலாக அரை சதவீதம். தம்பிக்கு 2,175. சக ஊழியர் எவ்வளவு விற்றார் என்று தெரிய வேண்டியதே இல்லை. டார்கெட் எட்டியதா என்ற ஒரு விஷயம் தெரிந்தால் போதும். பிரிட்ஜ், டிவி, மிக்ஸி என்று பிரிவுகளின் விலை ஏணி வைத்தாலும் எட்டாத கடைகளில் மட்டும் சமப் பங்கு நியாயம். மிக்ஸி விற்பவர் எவ்வளவு பாடுபட்டாலும் டிவி பிரிவின் தொகையைத் தொட முடியாது.

அந்த ஒரு விஷயத்திலும் ஒரு ஓட்டை உண்டு. எந்த ஊழியர் கோடும் இல்லாத பில்கள். முதலாளியின் சொந்தக்காரர் வந்து கவுண்டரிலேயே வாங்கியவை, போனில் சொல்லி எடுத்தவை. இந்த உதாரணத்தில் ஐந்து பேரின் கூட்டுத்தொகை 19,80,000, கவுண்டர் விற்பனை 1,60,000. கவுண்டரைச் சேர்த்தால் டார்கெட் எட்டியது, சேர்க்காவிட்டால் இல்லை. மாதம் முடிந்த பிறகு இதை முடிவு செய்தால் எந்த முடிவும் யாருக்காவது அநியாயமாகத்தான் தெரியும். குழு மொத்தத்தில் "கவுண்டர்" என்று ஒரு வரி முதல் நாளிலிருந்தே இருக்கட்டும், சேருமா சேராதா என்று பக்கத்தில் எழுதியிருக்கட்டும். குழுவின் தினசரி மொத்தத்தை அறிவிப்புப் பலகையில் எழுதினால் போதும், பெயர் வேண்டாம்.

## யார் எதைப் பார்ப்பது

ஒரே கூகுள் ஷீட்டை எல்லோருக்கும் கொடுத்து மற்றவர் சீட்டை மறைத்து வைப்பது பாதுகாப்பு இல்லை. மறைத்த ஷீட்டுக்குப் பூட்டு கிடையாது, நகல் எடுத்தால் வெளியே வந்துவிடும். ஆளுக்கு ஒரு ஃபைல் திறந்து `IMPORTRANGE` மூலம் இழுக்கலாம். ஆனால் அதைத் திருத்தும் உரிமையை ஊழியருக்குக் கொடுத்தால் மூல ஃபைலின் வேறு பகுதிகளையும் இழுக்க முடியும், பார்க்கும் உரிமை மட்டும் கொடுங்கள். பத்து இருபது பேர் உள்ள கடைக்கு நான் செய்வது இன்னும் எளிது. ஒவ்வொருவரின் சீட்டையும் பிடிஎஃப் ஆக்கி வாட்ஸ்அப்பில் அவருக்கு மட்டும் அனுப்புவேன்.

கூடவே பெயர், பில் எதுவும் இல்லாத ஒரு காலி ஷீட், வழி 4-இன் ஸ்லாப் அட்டவணை மட்டும் உள்ளது, எல்லோருக்கும் திறந்திருக்கும். நகல் எடுத்துக்கொண்டு B2-இல் தன் தொகையை அடித்துப் பார்க்கலாம். இருபதாம் தேதி வாக்கில்தான் அதை அதிகம் பயன்படுத்துகிறார்கள். அடுத்த படிக்கு இன்னும் எவ்வளவு, அதை எட்டினால் எவ்வளவு கூடும் என்று பார்க்க.

ரிட்டர்னில் மட்டும் ஒன்றை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். போன மாதம் 2% படியில் விற்ற 20,000 ரூபாய்ப் பொருள் இந்த மாதம் திரும்பி வருகிறது, இந்த மாதம் அவர் 1.5% படியில் இருக்கிறார். அன்று கொடுத்தது 400, இன்று கழிவது 300. பழைய மாதத்தைத் திறந்து திருத்த ஆரம்பித்தால் ஒத்துக்கொண்ட சீட்டு எல்லாம் மறுபடி கலையும். வந்த மாதத்திலேயே கழித்துக்கொண்டு, 100 ரூபாய் சில மாதம் ஊழியர் பக்கம், சில மாதம் கடைப் பக்கம் என்று இருக்கட்டும். விதியை மட்டும் சீட்டின் அடியில் ஒரு வரியில் எழுதிவையுங்கள்.